நள்ளிரவுக் காதை நம்பலாமா?

மைக்கேல் ஜாக்சனின் ‘பில்லி ஜீன்’ பாட்டை மிக்ஸ் செய்தவர் புரூஸ் ஸ்வீடியன். ஒன்றிரண்டு மிக்ஸிலேயே ஒரு பாட்டை முடித்துவிடும் பழக்கம் உள்ளவர். ஆனால் 1982-ல் லாஸ் ஏஞ்சல்ஸின் வெஸ்ட்லேக் ஸ்டூடியோவில் இந்த ஒரு பாட்டுக்கு மட்டும் அவர் 91 மிக்ஸ் போட வேண்டி வந்தது. இரண்டாவது மிக்ஸே எல்லோருக்கும் பிடித்திருந்தது. அதற்குப் பிறகு பாடகர் வந்து பாஸைக் கொஞ்சம் ஏற்றச் சொன்னார். தயாரிப்பாளர் குவின்சி ஜோன்ஸ் வந்து டிரம்ஸில் கொஞ்சம் கூட்டச் சொன்னார். இப்படிக் கொஞ்சம் கொஞ்சமாக எண் 91-ஐத் தொட்டது. அப்போது ஜோன்ஸ், அந்த இரண்டாவதை இன்னொரு தடவை போடு, கேட்போம் என்றார். போட்டார்கள். அதுதான் சரி என்று எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். இன்றுவரை உலகம் கேட்பது அந்த இரண்டாவது மிக்ஸைத்தான். ஸ்வீடியன் பல மேடைகளில் சிரித்துக்கொண்டே சொன்ன கதை இது.

மிக்சிங் என்பது தனித்தனியாகப் பதிவான டிரம்ஸ், பாஸ் கிட்டார், கீபோர்ட், வயலின், குரல் எல்லாவற்றையும் ஒரே பாட்டாகச் சேர்க்கும் வேலை. எது எவ்வளவு சத்தமாக, எந்தப் பக்கத்திலிருந்து, எவ்வளவு கூர்மையாகக் கேட்க வேண்டும் என்று முடிவெடுப்பதுதான் அதில் முக்கியம். திரையில் மீட்டர்கள் ஆயிரம் ஓடினாலும், குரல் வயலினுக்குள் அமுங்குகிறதா இல்லையா என்பதைக் காதுதான் சொல்ல வேண்டும். அந்தக் காது நேரம் ஆக ஆக மாறிக்கொண்டே இருக்கும் ஒரு கருவி என்பதுதான் சங்கடம். காலையில் 12 அங்குலமாக இருந்த அளவுகோல் இரவில் 11 அங்குலமாகச் சுருங்கினால் தச்சர் என்ன செய்வார்? அளவுகோல் சுருங்கியதே தெரியாவிட்டால், மரத்தைத்தான் குறை சொல்வார்.

‘பில்லி ஜீன்’ இடம்பெற்ற ‘த்ரில்லர்’ ஆல்பத்துக்கே அப்படி ஒரு கட்டம் வந்தது. கெடு நெருங்கியதால் குழு இரவு பகலாக உழைத்தது. வேலையெல்லாம் முடித்து, இசைத்தட்டு அச்சுக்குப் போகும் முன் எல்லோரும் உட்கார்ந்து கேட்டார்கள். நன்றாக இல்லை. ஜாக்சன் அழுதுவிட்டார் என்று ஜோன்ஸ் பின்னாளில் சொல்லியிருக்கிறார். முக்கியமான காரணம் தொழில்நுட்பம் சார்ந்தது: ஒரு பக்கத்தில் அளவுக்கு மீறிய நிமிடங்களைத் திணித்ததால் தட்டின் வரிகள் மெலிந்து ஒலி சோனியாகிவிட்டது. ஆனால் அவர்கள் அதைச் சரிசெய்த விதம் கவனிக்கத்தக்கது. சில பாட்டுகளின் நீளத்தைக் குறைத்தார்கள். அப்படியே மிக்சிங் மேசைக்குப் போகாமல், இரண்டு நாள் விடுப்பு எடுத்தார்கள். பிறகு ஒரு நாளைக்கு ஒரு பாட்டு என்ற கணக்கில் மறுபடியும் மிக்ஸ் செய்தார்கள். கெடு தலைக்கு மேல் தொங்கும்போது இரண்டு நாளைச் சும்மா விடுவதற்குத் தனித் துணிச்சல் வேண்டும்.

அந்த இரண்டு நாளில் காதுக்குள் என்ன நடந்திருக்கும்?

உள்காதில் நத்தைக்கூடு போலச் சுருண்ட ஒரு குழல் இருக்கிறது. அதற்குள் நான்கு வரிசையாக மயிர்ச் செல்கள். உள்வரிசையில் சுமார் 3,500 செல்கள் உண்டு. ஒலியை நரம்புக்குச் சேதியாக அனுப்புபவை இவை. வெளிப்புற மூன்று வரிசைகளில் சுமார் 12,000. இவை தாமே நீண்டு சுருங்கி, மெல்லிய ஒலிகளைப் பெருக்கிக் கொடுக்கும் சின்னச் சின்ன ஆம்ப்ளிஃபையர்கள். பலத்த ஒலியை மணிக்கணக்கில் கேட்டால் முதலில் ஓய்ந்துபோவது இந்த வெளிச் செல்கள்தான். அவற்றின் உச்சியில் உள்ள நுண்மயிர்கள் விறைப்பை இழக்கின்றன. செல்லின் சக்தி வற்றுகிறது. நரம்பு முனைகளும் வீங்கிப்போகலாம். ஆம்ப்ளிஃபையர் மங்கியதால், முன்பு கேட்ட மெல்லிய ஒலி இப்போது கேட்காது. கேட்கத் தொடங்கும் எல்லை சில டெசிபெல் மேலே போய்விடுகிறது. மருத்துவர்கள் இதைத் தற்காலிகக் கேள்வித்திறன் இறக்கம் என்கிறார்கள். ஓய்வு கொடுத்தால் சில மணி நேரத்திலிருந்து ஒரு நாளுக்குள் பெரும்பாலும் சரியாகிவிடும்.

இந்த இறக்கம் எல்லாச் சுருதிகளிலும் ஒரே அளவில் வந்தால்கூடப் பரவாயில்லை, வால்யூமைக் கூட்டிச் சமாளித்துவிடலாம். அப்படி வருவதில்லை. காதின் வெளித்துளை சுமார் இரண்டரை சென்டிமீட்டர் நீளமுள்ள ஒரு குழாய். புல்லாங்குழல் மாதிரி அதற்கும் ஒரு சொந்தச் சுருதி உண்டு. அது ஏறக்குறைய 3,000 ஹெர்ட்ஸில் இருப்பதால், அந்த வட்டார ஒலி உள்ளே பெருகிப் போகிறது. சோர்வோ ஒலி அதிகம் தாக்கிய இடத்திலிருந்து சற்று மேலே தள்ளித்தான் உச்சம் காட்டும். ஆக, பொதுவான இசையைச் சத்தமாகக் கேட்டவருக்கு முதலில் மங்குவது 4,000 ஹெர்ட்ஸ் பக்கம்.

அந்தப் பக்கத்தில்தான் பாட்டின் தெளிவு இருக்கிறது. குரலில் உயிரெழுத்துகளின் பலம் பெரும்பாலும் கீழ்ச்சுருதிகளில் நிற்கும். ‘க’, ‘ச’, ‘ட’, ‘த’, ‘ப’ போன்ற மெய்களின் வெடிப்பும் உரசலும் 2,000 ஹெர்ட்ஸுக்கு மேலே பெரும்பங்கு வகிக்கும். சோர்ந்த காதுக்கு ‘ஆ’வும் ‘ஓ’வும் அப்படியே கேட்கும், வல்லினம்தான் மழுங்கும். பாடகர் வாய்க்குள் பஞ்சு வைத்துக்கொண்டு பாடுவது மாதிரி தோன்றும். இன்ஜினியரின் கை தானாக ஈக்யூவுக்குப் போகும். 4,000 ஹெர்ட்ஸைக் கொஞ்சம் ஏற்றுவார். வல்லினம் திரும்பி வரும், அவருக்கு மட்டும்.

இதை ஒரு நாள் வேலையாகவே பார்க்கலாம். பத்துக்குப் பத்து அறையில் ஒருவர் மிக்ஸ் செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பிற்பகல் 3 மணிக்கு உட்காரும்போது பாட்டு அவர் காதருகே சுமார் 75 டெசிபெலில் ஓடுகிறது. குரல் கேட்கவில்லை என்று குரலின் ஃபேடரை ஏற்றுகிறார். இப்போது டிரம்ஸ் பின்னால் போன மாதிரி இருக்கிறது, அதையும் ஏற்றுகிறார். பிறகு வயலினை. ஒவ்வொன்றும் அரை டெசிபெல், ஒரு டெசிபெல்தான். ஆனால் எதையும் யாரும் இறக்குவதில்லை; மொத்தச் சத்தம் மட்டும் படியேறிக்கொண்டே போகிறது. நடுவில் நண்பர் ஒருவர் வருகிறார், அவருக்குப் போட்டுக்காட்ட வால்யூமைத் திருப்புகிறார். நண்பர் போகிறார், வால்யூம் அங்கேயே நிற்கிறது. இரவு 8 மணிக்கு அளவு 91 டெசிபெல்.

அமெரிக்காவின் தொழில்சார் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் வகுத்த வரம்பின்படி 85 டெசிபெலில் ஒருவர் ஒரு நாளைக்கு 8 மணி நேரம் இருக்கலாம். ஒவ்வொரு 3 டெசிபெல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 88-க்கு 4 மணி, 91-க்கு 2 மணி. நம் ஆள் 8 மணிக்கு மேல் 11 மணிவரை 91-ல் உட்கார்ந்தால், அந்த மூன்று மணி நேரத்திலேயே ஒரு நாள் பங்கைப்போல ஒன்றரை மடங்கு வாங்கிவிட்டார். இந்த வரம்பு செவிப்புலனைப் பறிகொடுக்காமல் இருப்பதற்கான தொழிற்சாலைக் கணக்கு என்பதையும் மறக்கக் கூடாது. ஒரு டெசிபெல் வித்தியாசத்தைத் தீர்ப்புச் சொல்ல வேண்டிய காதுக்கு இதைவிடக் குறைந்த அளவிலேயே கூர்மை போய்விடும்.

அந்த எட்டு மணி நேரத்தில் அவர் செய்த மாற்றங்களில் இரண்டைத் தனியே எடுத்துப் பார்ப்போம். ஒன்று, குரலில் 4,000 ஹெர்ட்ஸ். மாலை 6 மணிக்கு 1 டெசிபெல், 8 மணிக்கு ஒன்றரை, பத்தரை மணிக்கு இன்னொரு 1. மொத்தம் மூன்றரை. ஒவ்வொரு தடவையும் அவர் செய்தது நியாயம்தான். ஒவ்வொரு தடவையும் குரல் உண்மையிலேயே மங்கலாகத்தான் கேட்டது. இரண்டாவது, பாஸ் கிட்டாரும் கிக் டிரம்மும். இரவில் அவை ரொம்பக் கனமாகத் தெரிந்ததால் 2 டெசிபெல் இறக்கிவிட்டார். திருப்தியோடு படுக்கிறார்.

மறுநாள் காலை காபி குடித்துக்கொண்டே மிதமான சத்தத்தில் போடுகிறார். ‘ச’ வரும்போதெல்லாம் காதில் கீறுகிறது. சிம்பல் தகரத்தைத் தேய்க்கிறது. கீழே ஒன்றுமே இல்லை, பாட்டு காலில்லாமல் நடக்கிறது. ஃபைல் ஏற்றுமதியில் ஏதோ கோளாறு என்று முதலில் சாஃப்ட்வேரைத் திட்டுகிறார். பிறகு ஸ்பீக்கரின் ஒயரை இழுத்துப் பார்க்கிறார்.

குரலின் கீறலுக்குக் காரணம் களைத்த செல்கள். பாஸ் காணாமல் போனதற்குக் காரணம் வேறு; அதற்கும் களைப்புக்கும் நேரடிச் சம்பந்தம் இல்லை. 1933-ல் பெல் ஆய்வகத்தின் ஹார்வி ஃபிளெச்சரும் வைல்டன் மன்சனும் மனிதக் காது எந்தச் சுருதியை எவ்வளவு சத்தமாக உணர்கிறது என்று அளந்து கோடுகள் வரைந்தார்கள். அதன் திருத்தப்பட்ட வடிவம் இன்று ISO 226 என்ற உலகத் தரநிலை. அந்தக் கோடுகள் சொல்வது இதுதான்: காது கீழ்ச்சுருதியில் சோம்பேறி, சத்தம் குறையக் குறைய அந்தச் சோம்பல் கூடும். 1,000 ஹெர்ட்ஸ் ஒலி 80 டெசிபெலில் இருக்கும்போது, அதே சத்தமாகத் தோன்ற 100 ஹெர்ட்ஸ் ஒலிக்கு இன்னும் சுமார் 12 டெசிபெல் கூடுதலாகக் கொடுக்க வேண்டும். 1,000 ஹெர்ட்ஸ் ஒலியை 40 டெசிபெலுக்கு இறக்கிவிட்டால் 100 ஹெர்ட்ஸுக்குச் சுமார் 24 டெசிபெல் கூடுதல் தேவை. ஸ்பீக்கரில் எதையும் தொடாமல் வால்யூமை மட்டும் அவ்வளவு இறக்கினாலே, பாஸ் 12 டெசிபெல் திருடுபோன மாதிரி கேட்கும்.

எனவே சத்தமாக வைத்து மிக்ஸ் செய்பவருக்குப் பாஸ் தாராளமாகக் கிடைத்துவிடுகிறது, அவர் இறக்கிவிடுகிறார். பாட்டைக் கேட்பவர் ஆட்டோவிலும் அடுக்களையிலும் அதைவிடக் குறைந்த சத்தத்தில் கேட்கும்போது அடித்தளம் காணாமல் போகிறது.

மூன்றாவதாக ஒன்று இருக்கிறது. அது காதில் இல்லை, மூளையில் இருக்கிறது. ஊதுபத்தி ஏற்றிய அறைக்குள் நுழைந்தவுடன் மணக்கும்; பத்து நிமிடம் உட்கார்ந்தால் மணமே தெரியாது. மாடியில் ஓடும் தண்ணீர் மோட்டாரின் சத்தம் நின்ற பிறகுதான் அது ஓடிக்கொண்டிருந்ததே நினைவுக்கு வரும். மாறாமல் வந்துகொண்டிருப்பதை மூளை இயல்பு என்று எடுத்துக்கொண்டு ஒதுக்கிவிடும். பாட்டில் டிரெபிள் அதிகமாக இருந்தால், அதையே இருபது நிமிடம் கேட்டவருக்கு அதுதான் சாதாரணம். இதற்குச் சத்தம் அதிகமாக இருக்க வேண்டும் என்ற அவசியம்கூட இல்லை. 65 டெசிபெலிலும் நடக்கும். வால்யூமைக் குறைத்தாலே போதும் என்று நினைப்பவர்கள் தவறவிடுவது இதைத்தான்: மெல்லிய சத்தம் செல்களைக் காக்கும், பழகிப்போவதைத் தடுக்காது. அதற்கு இடைவேளைதான் மருந்து.

இடைவேளை எவ்வளவு? முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரம் வேலை, பிறகு பத்துப் பதினைந்து நிமிடம் ஓய்வு என்பது தொழிலில் இருப்பவர்கள் பலரும் வைத்துக்கொள்ளும் கணக்கு. இது பழகிப்போனதைக் கலைக்கவும் கவனத்தை மீட்கவும் போதும். ஆனால் 91 டெசிபெலில் மூன்று மணி நேரம் அடிவாங்கிய செல்களைப் பதினைந்து நிமிட டீ மீட்டுக் கொடுக்காது, அவற்றுக்கு ஒரு இரவு வேண்டும். இந்த வேறுபாட்டைப் புரிந்துகொள்ளாதவர்கள்தான், நடுநடுவே வெளியே போய்வந்தேனே, ஏன் இப்படி ஆச்சு என்று கேட்கிறார்கள். இன்னொன்று: இடைவேளை என்றால் காதுக்கு இடைவேளை. வெளியே வந்து ஹெட்போனில் ரீல்ஸ் பார்ப்பது அதில் சேராது. ஹாரன் அலறும் சாலையோரக் கடையில் நிற்பதும் சேராது. மொட்டை மாடியும் மின்விசிறியும் போதும்.

திரும்பி வந்ததும் முதல் அரை நிமிடம்தான் தங்கம். பழக்கம் இன்னும் ஒட்டியிருக்காது. அப்போது கையை மேசையில் வைக்காமல், ஒரு காகிதத்தில் தோன்றியதை எழுதிக்கொள்வது நல்லது. ‘குரல் கூர்மை’, ‘பாஸ் இல்லை’, ‘இரண்டாம் சரணத்தில் வயலின் அதிகம்’. இரண்டு நிமிடம் ஆகிவிட்டால் மூளை மறுபடி சமாதானமாகிவிடும். பிறகு காகிதத்தைத்தான் நம்ப வேண்டும்.

களைப்பு வந்துவிட்டதா என்று கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று உண்டு. நன்றாகத் தெரிந்த, வெளிவந்து பலமுறை கேட்ட ஒரு பாட்டைக் கையோடு வைத்திருக்க வேண்டும். காலையில் அது எப்படிக் கேட்கிறது என்று ஒரு தடவை கேட்டுக்கொள்வது; மாலையில் வால்யூம் குமிழை நகர்த்தாமல் அதே பாட்டைப் போடுவது. காலையில் பளிச்சென்று இருந்த அந்தப் பாட்டும் மாலையில் மங்கலாகக் கேட்டால் குற்றம் மிக்ஸில் இல்லை, காதில். அந்தப் பாட்டு அப்படியே இருந்து, உங்கள் பாட்டு மட்டும் மங்கலாக இருந்தால் ஈக்யூவைத் தொடலாம். இரண்டையும் ஒரே சத்தத்துக்குக் கொண்டுவந்த பிறகுதான் ஒப்பிட வேண்டும் என்பது முக்கியம். வெளிவந்த பாட்டு பெரும்பாலும் மாஸ்டரிங்கில் அழுத்தப்பட்டுச் சத்தமாக இருக்கும். சத்தம் ஒரு டெசிபெல் கூடினாலே காதுக்கு அது இன்னும் நல்ல பாட்டாகத் தோன்றும். ஈக்யூவில் ஏற்றியவுடன் பாட்டு அழகானதாகத் தோன்றுவதில் பாதி இந்த மயக்கம்தான். திரையில் LUFS காட்டும் மீட்டரைப் பார்த்து இரண்டையும் சமமாக்கிவிட்டுக் கேட்டால், பல நேரம் அந்த அழகு காற்றில் கரைந்துவிடும். நம் பத்துக்குப் பத்து அறைக்காரர் பத்தரை மணிக்கு இதைச் செய்திருந்தால் கடைசி 1 டெசிபெலைப் போட்டிருக்க மாட்டார்.

வேறு அடையாளங்களும் உண்டு. ஒரே ஃபேடரை அரை டெசிபெல் ஏற்றி, இறக்கி, மறுபடி ஏற்றுவது. காரணம் தெரியாமல் வால்யூமை இன்னும் கொஞ்சம் திருப்பத் தோன்றுவது. எழுந்து போனதும் அறையின் அமைதியில் காதுக்குள் ‘ங்ஙீ’ என்ற ஓசை. கடைசியாகச் சொன்னது வந்துவிட்டால் அன்றைய வேலை முடிந்தது, அடுத்த இடைவேளைக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

சரி, எவ்வளவு சத்தம் போதும்? பெரிய திரையரங்குக்கான ஒலிக்கலவை அரங்குகளில் ஒவ்வொரு முன்ஸ்பீக்கரும் 85 டெசிபெலுக்கு அளந்து வைக்கப்படும். அந்த எண் எல்லா இடத்துக்கும் பொருந்தும் என்று நினைத்துப் படுக்கையறையிலும் அதையே வைப்பவர்கள் இருக்கிறார்கள். சின்ன அறையில் ஸ்பீக்கர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். அதே எண் அங்கே அடக்க முடியாத சத்தமாக உணரப்படும். அமெரிக்கத் தொலைக்காட்சித் தரநிலை அமைப்பான ஏடிஎஸ்சி, 1,500 கன அடிக்குக் குறைந்த அறைகளுக்கு 76 டெசிபெல் என்று பரிந்துரைக்கிறது. பத்தடி உயரமுள்ள பத்துக்குப் பத்து அறை 1,000 கன அடிதான். அதுவும் பிங்க் நாய்ஸ் என்ற சோதனை ஒலியை வைத்து அளக்கும் தொலைக்காட்சிக் கணக்கு. இன்றைய சினிமாப் பாட்டு அழுத்தி நெருக்கப்பட்டது, சராசரியே மேலே நிற்கும். எனவே பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போது நாற்காலியில் காது இருக்கும் இடத்தில் 70 முதல் 75 டெசிபெல் காட்டினால் நாள் முழுக்க உழைக்கத் தகுந்த அளவு. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரோடு குரலை உயர்த்திக் கத்தாமல் பேச முடிகிறதா என்பது மீட்டர் இல்லாதவர்களுக்கான சோதனை.

போனில் டெசிபெல் அளக்கும் செயலிகள் இருக்கின்றன. சில டெசிபெல் முன்னே பின்னே காட்டும் என்றாலும், இந்த வேலைக்குத் துல்லியம் அவ்வளவு தேவையில்லை; தினமும் அதே இடம் என்பதுதான் தேவை. அளவைக் கண்டுபிடித்ததும் வால்யூம் குமிழருகே ஒரு துண்டு டேப் ஒட்டி, கோடு போட்டுவிட வேண்டும். அந்தக் கோடுதான் வீடு. வெளியே போகலாம், திரும்பி வந்துவிட வேண்டும். பாட்டு மெதுவாகக் கேட்கிறதே என்று தோன்றும்போது குமிழைத் தொடாமல் மற்ற ஃபேடர்களை இறக்கப் பழகினால், படியேறும் பிரச்சினை பாதி தீர்ந்துவிடும்.

மெல்லிய சத்தத்தில் கேட்பதற்குக் காதைக் காப்பதைத் தவிர இன்னொரு பயனும் உண்டு. சத்தமாக இருந்தால் எல்லாமே உற்சாகம் தரும், நெஞ்சில் டிரம்ஸ் இடிக்கும்போது குறை தெரியாது. அடுத்த அறையில் பேசுகிறவர்கள் அளவுக்கு இறக்கிவிட்டால் உற்சாகம் போய்க் கணக்கு மட்டும் நிற்கும். அப்போதும் குரலின் ஒவ்வொரு சொல்லும் புரிகிறதா, ஸ்நேர் டிரம் தெரிகிறதா, பாஸ் எந்தச் சுரம் வாசிக்கிறது என்று ஊகிக்க முடிகிறதா என்று பார்க்கலாம். வயலின் ஒன்று திடீரெனத் தலையை நீட்டினால் அது எங்கேயும் நீட்டும்.

ஆனால் இதிலும் ஒரு பள்ளம் இருக்கிறது. நாள் முழுக்கக் கிசுகிசுப்பான சத்தத்திலேயே மிக்ஸ் செய்தால், ஃபிளெச்சர், மன்சன் கோடுகள் இந்தப் பக்கமிருந்து கடிக்கும். பாஸ் கேட்காததால் ஏற்றுவார். அதே பாட்டு கல்யாண மண்டபத்து ஸ்பீக்கரில் போடப்படும்போது இரும்புக் கதவைக் குத்துகிற மாதிரி அதிரும். குரலுக்குப் பின்னால் கரைந்து போகும் எதிரொலியும், ரிவெர்ப் என்கிறார்களே அதுவும், மெல்லிய சத்தத்தில் கேள்வி எல்லைக்குக் கீழே போய்விடும். போதவில்லை என்று இன்னும் ஊற்றுவார். பாடகரின் மூச்சு, மைக்கின் இரைச்சல், வெட்டி ஒட்டிய இடத்தின் ‘டிக்’ ஆகியவையும் தப்பிவிடும். ஆகவே டேப் கோட்டில் பெரும்பாலான நேரம். சமநிலையைச் சோதிக்க அவ்வப்போது இரண்டு நிமிடம் ரொம்ப மெதுவாக. பாஸையும் ரிவெர்பையும் பார்க்க நாளில் ஓரிரு தடவை, ஒரு பல்லவி நீளத்துக்கு, சத்தமாக. அந்தச் சத்தமான கேட்பை இடைவேளைக்குச் சற்று முன் வைத்துக்கொண்டால் காது உடனே ஓய்வுக்குப் போய்விடும்.

ஹெட்போனில் வேலை செய்பவர்களுக்கு ஒரு கூடுதல் தொல்லை. மேசைமேல் வைத்த போன் அங்கே எதையும் அளக்காது. பக்கத்து வீட்டுக்குத் தொந்தரவில்லை என்பதால் சத்தம் எவ்வளவு ஏறினாலும் தடுக்க ஆளில்லை. காதைச் சுற்றித் திறந்திருக்கும் வகை ஹெட்போனாக இருந்தால், இரண்டடி தள்ளி யாராவது சாதாரணமாகக் கூப்பிடும்போது காதில் விழ வேண்டும். விழவில்லை என்றால் அதிகம். மூடிய வகையில் இந்தச் சோதனையும் செல்லாது. தொடங்கும்போது கணினியில் வால்யூம் எந்த எண்ணில் இருந்தது என்று குறித்துவைத்து, அதைத் தாண்டாமல் இருப்பது ஒன்றுதான் வழி.

கடைசியாக ஒரு பழைய நம்பிக்கையைப் பற்றி. காது களைத்தாலும் காலையில் சரியாகிவிடும், எனவே நஷ்டமில்லை என்று இந்தத் தொழிலில் பலரும் நினைக்கிறார்கள். 2009-ல் ஷேரன் குஜாவாவும் சார்லஸ் லிபர்மனும் பாஸ்டனில் எலிகளை வைத்துச் செய்த ஆய்வு அதில் சந்தேகத்தைக் கிளப்பியது. எலிகளுக்கு 100 டெசிபெல் இரைச்சலை இரண்டு மணி நேரம் கேட்கவைத்தார்கள். கேள்வித்திறன் இறங்கியது, பிறகு பழைய அளவுக்கே திரும்பியது. மயிர்ச் செல்கள் எல்லாம் உயிரோடு இருந்தன. ஆனால் உயர்சுருதிப் பகுதியில் அந்தச் செல்களை நரம்போடு இணைக்கும் முடிச்சுகளில் ஏறக்குறையப் பாதி அறுந்துபோய், திரும்பி வரவே இல்லை. மனிதக் காதிலும் இதே அளவுக்கு நடக்கிறதா என்பது இன்னும் விவாதத்தில் இருக்கிறது. இருந்தாலும், காலையில் எல்லாம் சரியாகக் கேட்பதே முழு நலத்துக்குச் சான்று ஆகாது என்பது அதிலிருந்து தெரிகிறது.

இரவு மிக்ஸ் முடித்தவர்கள் அந்த ஃபைலை அன்றே யாருக்கும் அனுப்பாமல், மாலை 5 மணிக்குச் சேமித்த பதிப்போடு சேர்த்து மறுநாள் காலை டேப் கோட்டில் வைத்துக் கேளுங்கள். காதுக்குள் ‘ங்ஙீ’ என்ற ஓசை காலையிலும் நிற்காமல் இருந்தால், அல்லது ஒரு பக்கக் காது மட்டும் திடீரென்று மந்தமாகிவிட்டால், மிக்ஸைத் திறக்காதீர்கள். அன்றே காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போங்கள். திடீர்க் கேளாமைக்கான சிகிச்சை முதல் சில நாட்களுக்குள் தொடங்கினால்தான் பலன் அதிகம்.